ஃபிளெக்ஸ் டாக்டர்

எம். புதுப்பட்டி பஸ் ஸ்டாப்பில் இரண்டு வருஷமாக ஒரு டாக்டர் தொங்கிக்கொண்டிருந்தார். வயது பதினைந்து. படிப்பு பத்தாம் வகுப்பு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், மேலே வெள்ளைக் கோட்டு, பின்னால் எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கண்ணாடிக் கட்டடம். கீழே கொட்டை எழுத்தில், ‘எங்கள் குலவிளக்கே! வருங்கால மருத்துவரே!’

செல்வலட்சுமி பத்தாவதில் நானூற்று எண்பத்தேழு மார்க் வாங்கிய அன்று சாயங்காலமே அவளுடைய தாய்மாமன் முனியசாமி கட்டிய ஃபிளெக்ஸ் அது. முனியசாமிக்கு சிவகாசியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை. காதுகுத்தோ, கண்ணீர் அஞ்சலியோ, அரை மணி நேரத்தில் அடித்துக் கையில் கொடுத்துவிடுவார். மருமகளின் பள்ளிக்கூட அடையாள அட்டைப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, இன்டர்நெட்டில் கிடைத்த யாரோ ஒரு வடநாட்டு லேடி டாக்டரின் உடம்பில் ஒட்டிவிட்டார். செல்வலட்சுமியின் எண்ணெய் வழியும் முகத்துக்கும் அந்தச் சிவந்த கைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை யார் பார்த்தார்கள்? ஊரே கைதட்டியது.

அதிலிருந்து அவள் பெயரே போய்விட்டது. “ஏத்தா டாக்டரு, பஸ்ஸு போயிருச்சா?” என்பார்கள். பக்கத்து வீட்டுப் பொன்மணி அத்தை காலில் ஒரு கொப்புளம் வந்தால் கூச்சப்படாமல் சேலையைத் தூக்கி அவளிடம் காட்டுவாள். செல்வலட்சுமியோ கோழி அறுப்பதைப் பார்த்தாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிற ஆள். ஒருமுறை வகுப்பில் மாரிக்கண்ணனுக்குக் கால் நகம் பெயர்ந்தபோது, நகம் பெயர்ந்தவனை விட்டுவிட்டு இவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று மாமா சொல்லிவிட்டார். மாமா சொன்னால் அம்மா வேலுத்தாய்க்கு அப்பீலே கிடையாது. அப்பா சோணைமுத்து பட்டாசுக் கம்பெனியில் லோடுமேன். அவர் எதற்குமே அதிகம் பேசுகிறவர் இல்லை.

உனக்கு என்ன பிடிக்கும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவளுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். கேள்வி என்று ஒன்று வந்தால், கேட்டவர் என்ன பதிலை எதிர்பார்க்கிறாரோ அதை எழுதிவிட வேண்டும். அப்படித்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்து சேர்ந்திருந்தாள், முதல் ரேங்க்கோடு.

தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. சிவகாசியில் அவள் படிக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியில், தாவரவியல் ஜெயபாண்டி சார் ஒரு கட்டுத் தாளோடு வகுப்புக்குள் நுழைந்தார். விருதுநகரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியராகத் திரும்பி வந்திருந்தார் அவர். அந்தப் பொறுப்பை அவர் கேட்டு வாங்கவில்லை. ஆள் தேடிய அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் கடைசியாக டீ குடித்துக்கொண்டிருந்தவர் அவர், அவ்வளவுதான்.

“இதுல அறுபது வரி இருக்கு. ஒவ்வொண்ணையும் படிச்சிட்டு, பிடிக்கும், தெரியலை, பிடிக்காது, இதுல ஒண்ணை டிக் அடிக்கணும். பிளஸ் டூ முடிச்சு எந்தப் பக்கம் போகலாம்னு பாக்குறதுக்கு” என்றார் சார். “மேல உங்க பேரு, அப்பா அம்மா பேரு எழுதிருங்க. முக்கால் மணி நேரம். ஆரம்பிங்க.”

இதில் சரி, தப்பு என்று எதுவும் கிடையாது என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்கள். சார் அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

செல்வலட்சுமி தாளைப் பார்த்தாள். ‘பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பார்ப்பது.’ ‘ஒரு நோய் ஏன் வருகிறது என்று ஆராய்வது.’ ‘கலைந்து கிடக்கும் பொருள்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவது.’ ‘பாட்டுக்கு மெட்டுப் போடுவது.’ அவளுக்கு இரண்டே நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. ஆராய்வது என்று வருகிற வரிகளுக்கெல்லாம் ‘பிடிக்கும்’. பாட்டு, ஆட்டம், மின்விசிறிக்கெல்லாம் ‘பிடிக்காது’. பட்டியல் போடுகிற வரியில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. டாக்டர் ஏன் பட்டியல் போடப் போகிறாள் என்று அதற்கும் ‘பிடிக்காது’ அடித்தாள். பன்னிரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

அடுத்த வேலை தொடங்கியது. இந்த வகுப்பில் செல்வலட்சுமியின் தாள் ஊர்வலம் போவது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நடக்கிற வழக்கம். முன்பெல்லாம் ஆளாளுக்குப் பிடுங்கித் தாளைக் கிழித்துவிடுவார்கள். எரிச்சலாகி அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். தாள் முதலில் ஜன்னலோர வரிசையில் இறங்கும். ஒரு பெஞ்சுக்கு மூன்று நிமிஷம். கடைசி பெஞ்சில் சுவரோர வரிசைக்கு மாறி மேலே ஏறி வரும். மெதுவாக எழுதுகிறவர்களை வேகமாக எழுதுகிறவர்கள் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். சார் திரும்பினால் இருமுவதற்கு ஒருவன். நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

இந்த ஊர்வலத்தில் சேராத ஒரே ஆள் நாதியா. சிவகாசியில் நோட்டுப் புத்தக மொத்த வியாபாரம் செய்யும் முகம்மது நூகுவின் மகள். கடைசி பெஞ்சிலிருந்து முதல் ரேங்க்கை முறைப்பதை ஒரு பாடமாகவே படித்து வருகிறவள். தாள் வந்தால் இரண்டு விரலால் தூக்கி அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள்.

புதன்கிழமை முடிவு வந்தது. வகுப்பில் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். அதில் முப்பத்தேழு பேருக்கு ஆராய்ச்சியில்தான் ஆர்வம் என்று கணக்கு வந்தது. ஜெயபாண்டி சாருக்குத் தலைகால் புரியவில்லை. தலைமையாசிரியை அறைக்கு ஓடினார். “மேடம், முப்பத்தேழு விஞ்ஞானிங்க மேடம் நம்ம ஸ்கூல்ல!”

தலைமையாசிரியை கற்பகவல்லி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மாரிக்கண்ணனின் தாளில் கொஞ்சம் நின்றார். பாண்டிராஜின் தாளில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அன்றைக்குப் பெற்றோர் கூட்டம். வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வேலுத்தாயும் வந்து வராண்டாவில் நின்றிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டார்.

“ஏம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைக?”

“ஒண்ணுதான் டீச்சர். இந்தச் செல்வலட்சுமிதான்.”

“இங்கன ஒம்போது வருதே.”

வேலுத்தாய் வாயைப் பிளந்தாள். ஒன்பது தாள்களில் ‘தாய் பெயர்: வேலுத்தாய்’ என்று இருந்தது. செல்வலட்சுமியுடையது போக, காப்பியடிக்கிற அவசரத்தில் எட்டு உத்தமர்கள் பெற்ற தாயையும் சேர்த்துக் காப்பியடித்திருந்தார்கள். அதில் மாரிக்கண்ணன், அப்பா என்ற இடத்தில் மட்டும் ஒழுங்காகத் தன் சொந்த அப்பாவின் பெயரை எழுதியிருந்தான். வேலுத்தாய் அந்தத் தாளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, “அட நாசமாப் போறவனே, இது யாருடா?” என்று பள்ளிக்கூடமே அதிரக் கத்தினாள். மாரிக்கண்ணனுக்கு வராண்டாவிலேயே நாலு சாத்து விழுந்தது. பெற்ற தாயாகக் கொடுத்த அடி என்று பையன்கள் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்கள்.

மறுநாள் ஜெயபாண்டி சார் வகுப்புக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது.

“ஏலே, இது பரீட்சையாலே? உனக்கு என்ன பிடிக்கும்கிறதை அடுத்தவளைப் பாத்து எழுதுவியா? நாளைக்கு அவளுக்குப் பசிச்சா நீ சாப்பிடுவியா?” என்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு குரல் இறங்கியது. “தப்பு எம்மேலயும் இருக்கு. இதுல சரியான பதில்னு ஒண்ணு கிடையாதுன்னு நான் சொல்லிருக்கணும். எனக்கும் பதினேழு வயசுல எங்க பெரியப்பாதான் ஃபார்ம் எழுதுனாரு. தாவரவியல்னு அவரு டிக் அடிச்சாரு, நான் வந்துட்டேன். எனக்குத் தோட்டம்னாலே ஆகாது. கொசு.”

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

“இப்ப மூணு தாள் தாரேன். முதல்ல, அதே அறுபது வரி. வேலைக்காக, மார்க்குக்காகன்னு யோசிக்காம, அதைச் செய்ய பிடிக்குமான்னு மட்டும் பாருங்க. ரெண்டாவது, உங்க திறமை. அதை நீங்களா எழுதப்படாது. உங்களைத் தெரிஞ்ச மூணு பேருகிட்டக் கேக்கணும். நல்ல பிள்ளை, கெட்டிக்காரின்னு சொன்னா எடுத்துக்கிறாதீக. எப்ப, எங்கன, என்ன செஞ்சேன்னு ஒரு சம்பவம் சொல்லணும். மூணாவது, உங்களுக்கு எது முக்கியம்கிறது. இருபது சீட்டு இருக்கு. அதுல அஞ்சை வெச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்துரணும். அப்புறம் அந்த அஞ்சுலயும் ரெண்டை எடுத்துரணும். மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா, எந்தத் திசைன்னு கொஞ்சம் தெரியும். இந்த வேலைதான்னு எந்தத் தாளும் சொல்லாது. அப்பிடிச் சொன்னா நம்பாதீக.”

செல்வலட்சுமி அந்த அறுபது வரிகளை மறுபடி எடுத்தாள். முதல் வரியைப் படித்தாள். யாருக்கு என்ன பதில் வேண்டும் என்று தெரியவில்லை. பேனாவை மூடினாள். திறந்தாள். மணி அடிக்கும்வரை தாள் வெள்ளையாகவே இருந்தது. பின்னால் முப்பத்தாறு பேர் ஊர்வலத்துக்காகக் காத்திருந்து ஏமாந்து, வேறு வழியில்லாமல் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். பள்ளிக்கூட வாழ்க்கையில் அவள் வெற்றுத் தாளோடு எழுந்தது அதுதான் முதல் தடவை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவசரமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா லேப்டாப்போடு வந்து நீட் தேர்வுக்கு விண்ணப்பம் போடப் போகிறார். இந்த வருஷம் கிடைக்காவிட்டால் மதுரையில் ஒரு வருஷம் கோச்சிங், அதற்கும் இடம் பேசிவிட்டார். அதிலும் இல்லையென்றால் இன்னொரு வருஷம். இடையில் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் வாயைத் திறக்காவிட்டால் அப்புறம் திறக்கவே முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. திறந்து என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

திறமைத் தாளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

“நீ நல்லாப் படிப்ப” என்றாள் வேலுத்தாய், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

“சம்பவம் சொல்லும்மா.”

“நல்லாப் படிக்கிறதுல என்னடி சம்பவம்? படிச்ச, மார்க்கு வந்துச்சு. தட்டை எடு.”

சோணைமுத்து முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அமைதியான பிள்ளை” என்றார். போன் செய்தபோது மாமா, “உனக்கு டாக்டர் முகம் மருமகளே, அதை நான் டிசைன் பண்ணும்போதே பாத்தேன்” என்றார். மூன்று பேரும் சொல்லியாயிற்று, தாள் காலியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், வேறு கதியில்லாமல் கடைசி பெஞ்சுக்குப் போய் நாதியாவின் எதிரில் தாளை வைத்தாள்.

நாதியா டிபன் பாக்ஸை மூடினாள். “உன்னைப் பத்தியா? நாலு வருஷமா எவளாச்சும் கேக்க மாட்டாளான்னுதான் இருந்தேன். உக்காரு.” கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். “நீ ஒரு திருட்டுக் கூட்டத்துக்குத் தலைவி. முப்பத்தஞ்சு பேருக்கு மேல, ஒரே தாளு, முக்கா மணி நேரம். எவன் பக்கத்துல எவனை உக்கார வைக்கணும், எங்கன திருப்பணும், எவன் இருமணும், அம்புட்டையும் மண்டைக்குள்ளயே கணக்குப் போட்டு வெச்சிருக்க. சத்தம் வராது, தாளு கசங்காது. எங்க அத்தா குடோன்ல பன்னெண்டு பேரு சேந்து நாலு லாரிக்கு நோட்டு அனுப்பத் தெரியாம தினமும் மயிரைப் பிச்சுக்கிறாங்க. ஸ்போர்ட்ஸ் டேக்கு சாப்பாட்டு வரிசையை நீ ரெண்டாப் பிரிச்சியே, இருபது நிமிஷத்துல எல்லாரும் தின்னு முடிச்சோம். எனக்கு உன்னைக் கண்டாலே ஆகாது. ஆனா எதை எங்கன வைக்கணும்னு உனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த ஸ்கூல்ல எவளுக்கும் தெரியாது. எழுதிக்கோ.”

செல்வலட்சுமி எழுதிக்கொண்டாள். இவ்வளவு திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அறுபது வரிகளையும் எடுத்தாள். ‘கலைந்து கிடக்கும் பொருள்களை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவது.’ பேனா தானாகவே ‘பிடிக்கும்’ மேல் விழுந்தது. ‘ஒரு நோய் ஏன் வருகிறது என்று ஆராய்வது.’ பிடிக்காது. சத்தியமாகப் பிடிக்காது. கூட்டிப் பார்த்தபோது ஒழுங்குபடுத்துவது முதலில் வந்தது, கையால் செய்து பார்ப்பது அடுத்து, ஆளை வைத்து வேலை வாங்குவது மூன்றாவது. ஆராய்ச்சியைக் கடைசியிலிருந்து தேட வேண்டியிருந்தது.

ஜெயபாண்டி சார் இரண்டு தாளையும் பார்த்துத் தாடையைச் சொறிந்தார். “காப்பியடிக்கிறதுக்கு நீ பண்ணுன ஏற்பாட்டுக்கு நான் உன்னை சஸ்பெண்ட் பண்ணச் சொல்லணும். அதை அப்புறம் வெச்சுக்குவோம். இந்தத் திசையில படிப்பு இருக்கும்மா. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்னு இருக்கு. உன் குரூப்புல கணக்கு இருக்கு, போகலாம். லாஜிஸ்டிக்ஸ்னு பி.பி.ஏ. இருக்கு. ஆனா தாளை மட்டும் நம்பாத. ஒரு நாளு அந்த வேலை நடக்கிற இடத்துல போய் நில்லு. அதுல எது உன்னைக் கடுப்பேத்துதுன்னும் பாத்துட்டு வா.”

சனிக்கிழமை காலையில் நாதியாவின் அத்தா குடோனில் போய் நின்றாள். நோட்டுக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு. காகிதத் தூசியில் தும்மல் ஓயவில்லை. முகம்மது நூகு இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்து இரண்டு பேரைத் திட்டிக்கொண்டிருந்தார். கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று மூன்று ஊருக்கு ஒரே வண்டி. கோவில்பட்டிக் கட்டுகளை வண்டிக்குள் ஆழமாகத் தள்ளி, நாகர்கோவில் கட்டுகளை வண்டியின் கதவோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

செல்வலட்சுமிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. “அண்ணே, முதல்ல இறங்குறது கோயில்பட்டிதான? அது கதவுப் பக்கம்ல இருக்கணும்?”

அடுக்கிக்கொண்டிருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வந்துட்டாக கலெக்டரம்மா. போய் அங்கிட்டு நில்லு பாப்பா.” கெட்ட வார்த்தை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அது அவளைக் கடுப்பேற்றியது. சார் சொன்னபடி அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஆனால் போனிலிருந்து தலையைத் தூக்கிய நூகு, “அந்தப் பிள்ளை சொல்றதுல என்னப்பா தப்பு? நேத்து எனக்கு ஃபோன்ல விழுந்த ஏச்சு அதுக்குத்தான” என்றார். அப்புறம் நடந்ததெல்லாம் அவளுக்குச் சரியாக நினைவில்லை. சாக்பீஸ் வாங்கித் தரையில் ஊர் ஊராகக் கட்டம் போட்டாள். கட்டுகளின் மேல் நம்பர் எழுதினாள். வேண்டா வெறுப்பாகத் தூக்கியவர்கள் மூன்றாவது வண்டிக்கு அவளிடமே வந்து கேட்டார்கள். நாதியா சாப்பிடக் கூப்பிட்டபோது மணி மூன்றரை. பசித்ததே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் இருபது சீட்டுகளையும் பாயில் பரப்பினாள். பிரஸ்ஸில் வீணாய்ப் போன வெடிக் கட்டு லேபிள்களை வெட்டித்தான் சார் அந்தச் சீட்டுகளைச் செய்திருந்தார். ஒரு பக்கம் மயில், கிளி, ரோஜாப்பூ. மறுபக்கம் எழுத்து.

கதவைத் திறந்த சோணைமுத்து திடுக்கிட்டார். “ஏத்தா, சீட்டா ஆடுற?”

“ஆமாப்பா, ரம்மி. உங்களுக்கும் போடவா?”

அஞ்சில் நிறுத்துவது சுலபமாக இருந்தது. அந்த அஞ்சில் இரண்டை எடுப்பதுதான் உயிரை வாங்கியது. ‘நிலையான வருமானம்’ சீட்டைப் பாதி மனசோடு ஒதுக்கினாள். கடைசியாகக் கையை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது ஒன்று. ‘ஊர் என்னை மதிக்க வேண்டும்.’ அதைப் பார்க்கப் பார்க்க பஸ் ஸ்டாப்பில் தொங்குகிற வெளுத்த முகம்தான் தெரிந்தது. இரண்டு வருஷமாக ஊர் மதித்தது அந்த வடநாட்டு உடம்பை. இவளை இல்லை. சீட்டைத் தூக்கிப் பாய்க்கு வெளியே போட்டாள். மிஞ்சியவை மூன்று. என் முடிவை நானே எடுப்பது. செய்த வேலை முடிந்ததைக் கண்ணால் பார்ப்பது. மற்றவர் உழைப்பு வீணாகாமல் காப்பது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முனியசாமி லேப்டாப்போடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “ஆதார் அட்டையை எடு மருமகளே. போட்டோ நான் கொண்டாந்துட்டேன். ஃபிளெக்ஸுல இருந்து எடுத்தது.”

“மாமா, நான் நீட் எழுதலை.”

வேலுத்தாயின் கையில் இருந்த காபி டம்ளர் அப்படியே நின்றது. செல்வலட்சுமி மூன்று தாளையும் தரையில் வரிசையாக வைத்தாள். பிடித்தது, செய்தது, முக்கியமானது. வரிசை வரிசையாகச் சொன்னாள். குடோன், சாக்பீஸ், மூன்றரை மணி. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

முனியசாமி மூன்று தாளையும் பார்த்து முடித்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, “அப்ப ஃபிளெக்ஸு?”

“எடுத்துருங்க மாமா.”

“என்ன விளையாடுறியா? பத்துக்கு எட்டு சைஸு! ஊரே பாத்துருக்கு. கடையில அம்புட்டு பயலுகளும் டாக்டர் மாமான்னுதான் என்னையக் கூப்பிடுறான். நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட போவேன்?”

“என் மூஞ்சியோட இம்புட்டு நாளு போனீகள்ல மாமா? இனி உங்க மூஞ்சியோட போங்க.”

“ஏய்!” என்று வேலுத்தாய் கரண்டியோடு பாய்ந்தாள். “மாமன்கிட்டப் பேசுற பேச்சாடி இது?” ஆனால் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. சோணைமுத்து எழுந்து நின்றிருந்தார். அவர் பேசப் போகிறார் என்பதே அந்த வீட்டில் ஒரு செய்தி.

“லாரிக்கிட்டயா வர்ற?” என்றார். கோபம் இல்லை. குரல்தான் ஒரு மாதிரி இருந்தது. “இருபத்திரெண்டு வருஷமா மூட்டை தூக்குறேன். என் பிள்ளை இந்தப் பக்கமே எட்டிப் பாக்கப்படாதுன்னுதான் படிக்க வெச்சேன். டாக்டரு ஆகலைன்னாக்கூட ஏதாச்சும் ஃபேனுக்கடியில உக்காருவன்னு பாத்தா, நீ மறுபடி லோடு, குடோனுங்கிற.”

செல்வலட்சுமிக்கு மாமாவின் சத்தத்துக்கெல்லாம் வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று வந்தது. “அப்பா, போன சீசன்ல ஒரு நாளு சாப்பாட்டுக்கு வந்தப்ப சொன்னீகளே, ஹைதராபாத்தும் நாக்பூரும் ஒரே வண்டின்னு. ஹைதராபாத்து சரக்கை உள்ள ஏத்தச் சொல்லிட்டாகன்னு.”

சோணைமுத்து நெற்றியைச் சுருக்கினார்.

“முதல்ல இறங்குறது ஹைதராபாத்துதான, அதை ஏன் உள்ள வைக்கிறாகன்னு நான் தீப்பெட்டியை அடுக்கிக் காட்டுனேன். நீங்க போய்ச் சொன்னீக. சூப்பர்வைசர் உங்களை ஏசி விரட்டிட்டாரு. அப்புறம் ராவோட ராவா அம்புட்டையும் இறக்கி மறுபடி ஏத்துனீக. அன்னைக்குத்தான் உங்களுக்கு முதுகு புடிச்சது. இன்னும் விடலை. நான் மூட்டை தூக்கப் போகலைப்பா. ஒரு மூட்டையை நீங்க ரெண்டு தடவை தூக்காம இருக்கிறதுக்குத்தான் படிக்கப் போறேன்.”

பொன்மணி அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்திருந்தது இருமலில் தெரிந்தது.

சோணைமுத்து மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. திறமைத் தாளைக் கிட்டே இழுத்தார். மூன்று கட்டங்களில் ஒன்றில் நாதியாவின் திட்டு. மற்ற இரண்டும் காலி.

“அந்தப் பேனாவைக் கொண்டா” என்றார். “அன்னைக்கு நான் சொல்றப்ப எனக்கு சம்பவம் நெனப்பு வரலைத்தா.”

எழுத்துக் கூட்டி எழுதினார். கையெழுத்து கோணல் மாணலாக வந்தது. ‘ஐப்பசி மாசம். நாக்பூர் லோடு. என் மகள் தீப்பெட்டி வச்சி சொன்னது சரி. கம்பெனிதான் தப்பு.’ அதன் கீழே தன் பெயரைப் பெரிதாகப் போட்டார்.

வேலுத்தாய் எட்டிப் பார்த்தாள். “அம்மா பேரு எழுதுற இடம் இல்லையா இதுல? நல்லவேளை.” மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன காபியைத் தம்பி முனியசாமியின் கையில் திணித்தாள். “குடிச்சிட்டு ஏணியை எடுத்துட்டு வாடா. வெயிலு ஏறுறதுக்குள்ள அதைக் கழட்டிருவோம்.”

முனியசாமி முணுமுணுத்துக்கொண்டேதான் ஏணியில் ஏறினார். கயிற்றை அவிழ்க்கும்போதுகூட, “லாரிப் படம் ஒண்ணு ஒட்டி, வருங்கால இன்ஜினியரேன்னு வேற அடிச்சிரவா மருமகளே? சும்மா சின்ன சைஸுல?” என்று மேலிருந்து கேட்டார்.

“மாமா, முதல்ல வலது பக்க முடிச்சை அவிழ்க்காதீக” என்றாள் செல்வலட்சுமி கீழே நின்று. “காத்து அங்கிட்டிருந்து வருது. இடதுல ஆரம்பிங்க.”

மாமா கேட்கவில்லை. வலதை அவிழ்த்தார். பத்துக்கு எட்டு சைஸ் டாக்டர் ஃபிளெக்ஸ் அப்படியே காற்றில் புரண்டு வந்து அவரை ஏணியோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டது. உள்ளேயிருந்து அவர் கத்துவது மட்டும் கேட்டது. சோணைமுத்து சிரித்த சிரிப்பில் முதுகைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து, ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கீழ்ப்பக்க முடிச்சுகளில் வைத்தபடி மகளைப் பார்த்தார்.

“இப்ப சொல்லுத்தா, எந்த முடிச்சு?”

அவள் சொன்னாள். அவர் அவிழ்த்தார்.